தீர்மான மரம்: ‘ஆல்’ இருக்கும் இடத்தில் கிளை

ஒவ்வொரு கேள்வியின் விடைக்கும் ஒரு கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு முடிவில் கொண்டுவிடும் வரைபடம் ‘டிசிஷன் ட்ரீ’. அதற்கு ‘முடிவு மரம்’, ‘தீர்மான மரம்’ என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. டிசிஷன் என்பதன் லத்தீன் மூலத்துக்கு வெட்டிவிடுதல் என்று பொருள். ஒவ்வொரு கேள்வியும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஒரு பக்கத்தைக் கழித்துவிடுவதால் பெயர் பொருத்தமானதே. தமிழில் ‘முடிவு’ கடைசியையும் குறிக்கும். மரத்தின் நடுவில் நிற்கும் கேள்வியை ‘முடிவுக் கணு’ என்றால் அது நுனி இலை என்றே படிப்பவர் நினைப்பார். ‘தீர்’ என்ற வினையிலிருந்து வந்த ‘தீர்மானம்’ அந்தக் குழப்பம் தராது. ‘மானம்’ இங்கே கட்டுமானம், பெறுமானம் போன்ற சொற்களில் வரும் விகுதிதான்.

பழுது பார்ப்பவருக்கான மரத்தைப் ‘பழுதறி மரம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ‘பழுது மரம்’ என்று மட்டும் சுருக்கக் கூடாது. அது 1962-இல் பெல் ஆய்வகத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான வேறொரு முறையின் பெயர். அதில் ஒரு பெரும் பழுதுக்கு எந்தெந்தக் காரணங்கள் சேர வேண்டும் என்று வரைவார்கள். ஆம், இல்லை என்ற கேள்விகள் அதில் கிடையாது.

தரைத்தொட்டியிலிருந்து நீர் இழுக்கும் வீட்டு மோட்டாருக்கான குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: “மோட்டார் ஓடாவிட்டால் மின்சாரத்தையும் கெப்பாசிட்டரையும் பார்க்கவும். ஓடியும் தண்ணீர் வராவிட்டால் பம்பில் நீர் ஊற்றவும். சரியாகாவிட்டால் ஃபுட் வால்வைப் பார்க்கவும். தொட்டியில் நீர் உள்ளதா என்றும் உறுதி செய்யவும்.”

கிளை பிரிய வேண்டிய இடத்தைத் தமிழ் இலக்கணமே காட்டிவிடுகிறது. ‘ஆல்’ என முடியும் ஒவ்வொரு எச்சமும் ஒரு கேள்வி. ‘ஓடாவிட்டால்’ என்று எழுதியவர் ‘ஓடினால்’ என்ற மறுகிளையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்; அதை எழுதி நிரப்ப வேண்டும். ‘ஓடியும் வராவிட்டால்’ என்பதில் இரண்டு விடைகள் இருக்கின்றன: முதல் கேள்விக்கு ஆம், அடுத்ததற்கு இல்லை. ‘மின்சாரத்தையும் கெப்பாசிட்டரையும்’ என்பது இரண்டு சோதனை, ஆகவே இரண்டு கணு. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொட்டி வாக்கியம் உண்மையில் வேர். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

```
தொட்டியில் நீர் உள்ளதா?
  இல்லை: நிரப்பு
  ஆம்: மோட்டார் சுழல்கிறதா?
    இல்லை: உறுமுகிறதா?
      இல்லை: மின் இணைப்பைப் பார்
      ஆம்: உடனே அணை. தண்டு கையால் சுற்றுகிறதா?
        இல்லை: பேரிங் அல்லது இம்பெல்லர் இறுகல்
        ஆம்: கெப்பாசிட்டர்
    ஆம்: தண்ணீர் வருகிறதா?
      ஆம்: பழுதில்லை
      இல்லை: அணைத்து, பம்பில் நீர் ஊற்று. மட்டம் நிற்கிறதா?
        இல்லை: ஃபுட் வால்வு ஒழுகல்
        ஆம்: மூடி, மீண்டும் ஓட்டு. தண்ணீர் வருகிறதா?
          ஆம்: காற்று புகுந்திருந்தது
          இல்லை: உறிஞ்சு குழாயில் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு
```

‘உறுமுகிறதா?’ என்பது மூலக் குறிப்பில் இல்லவே இல்லை. மின்சாரமா, கெப்பாசிட்டரா என்று பிரித்துக் காட்டுவது அந்தக் கேள்விதான். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரை எட்டாதிருக்க வாய்ப்பு அதிகம். உறுமினால் எட்டுகிறது, ஆனால் சுழலத் தொடங்க முடியவில்லை. ‘சரியாகாவிட்டால்’ என்ற மங்கலான சொல்லுக்குப் பதிலாக ‘மட்டம் நிற்கிறதா?’ என்று கண்ணால் காணக்கூடியதைக் கேட்டிருக்கிறோம். கேள்வியைத் தொடும் முன் செய்ய வேண்டியதையும் அதே கணுவில் எழுதுங்கள். தண்டைக் கையால் சுற்றும் முன் மின்சாரத்தை முற்றிலும் துண்டிக்க வேண்டும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

தமிழில் இன்னொரு பொறி உண்டு. ‘தண்ணீர் வரவில்லையா?’ என்று கேட்டால், வராதபோது நாம் ‘ஆமா, வரல’ என்போம். இந்த ‘ஆமா’வைப் பிடித்துக்கொண்டு ஆம் கிளைக்குப் போனால், எழுதியவர் நினைத்ததற்கு நேரெதிரான பக்கத்தில் போய் நிற்க நேரலாம். ஆகவே எல்லாக் கேள்வியையும் உடன்பாட்டில் வையுங்கள்: வருகிறதா, சுழல்கிறதா, நிற்கிறதா.

வரைந்த பிறகு, காரணம் ஏற்கெனவே தெரிந்த ஒரு பழுதை வேரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மாலை நேரத்தில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து வெகுவாக இறங்கினாலும் மோட்டார் உறுமும், தண்டும் கையால் எளிதாகச் சுற்றும். மேலே உள்ள மரம் பழுது பார்ப்பவரை நேராகக் கெப்பாசிட்டருக்கு அனுப்பி, நல்ல பாகத்தைக் கழற்றி மாற்ற வைக்கும். ஆகவே அந்த இலையைக் கிள்ளிவிட்டு, அங்கே ‘மின்னழுத்தம் போதுமானதாக உள்ளதா?’ என்று ஒரு கணு வைத்து, அதன் ஆம் கிளையில் கெப்பாசிட்டரைத் தொங்கவிட வேண்டும்.