தேடுபவர் தட்டும் சொல் உங்கள் பதிவில் இருக்கிறதா?

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களின் சமூக ஊடகப் பக்கங்களைச் சீர்செய்து தருவது என் வேலை. சில மாதங்களுக்கு முன் வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் ஒருவர், இன்ஸ்டாகிராமில் நாற்பது பதிவுகள் போட்டும் தேடலில் தம் பக்கம் தென்படவில்லை என்று வந்தார். பதிவுகளைப் படித்ததும் காரணம் விளங்கியது. படத்தின் மேல் தொழிலின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே உள்ள வாசகத்திலோ "உங்கள் ஆதரவே எங்கள் பலம்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

தேடல் பெட்டியில் ஒருவர் தட்டும் சொற்களைப் பயனர்பெயர், அறிமுக வரி, பதிவின் வாசகம், ஹேஷ்டேக், இடப்பெயர் ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்பதாக இன்ஸ்டாகிராம் 2021-இல் விளக்கியது. முக்கியச் சொற்களைக் கருத்துப் பகுதியில் போடாமல் வாசகத்திலேயே எழுத வேண்டும் என்றும் அப்போது சொன்னது.

எந்தச் சொல் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இவர் தம் கடையை "வீட்டு உபயோகப் பொருள் சேவை மையம்" என்று அழைத்தார். இயந்திரத்திலிருந்து தண்ணீர் ஒழுகும்போது அப்படி யாரும் தேடுவதில்லை. ஆகவே, அழைத்த வாடிக்கையாளர்களிடம் "என்னவென்று சொல்லித் தேடினீர்கள்?" என்று ஒரு வாரம் கேட்டு எழுதி வைக்கச் சொன்னேன். தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டும்போது வரும் பரிந்துரைகளையும் குறித்துக்கொண்டோம். நம் மக்கள் ஒரே பொருளைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுவதால், "வாஷிங் மெஷின் ரிப்பேர்", `washing machine repair` ஆகிய இரண்டும் பட்டியலில் இடம்பெற்றன.

பிறகு ஒரு பதிவை இப்படித் திருத்தினோம்: "வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறதா? கதவு ரப்பர் கிழிந்திருக்கலாம். வாஷிங் மெஷின் ரிப்பேர் (washing machine repair), வீட்டிற்கே வந்து செய்கிறோம்." இதன் தொடர்ச்சியாக அவர் வேலை செய்யும் பகுதியின் பெயரையும் சேர்த்தோம். நீண்ட வாசகத்தின் பிற்பகுதி "மேலும்" என்பதன் பின்னே மறைந்துவிடுவதால், தொழிலும் சிக்கலும் முதல் வரியிலேயே வந்தாக வேண்டும். பக்கத்தின் பெயர்ப் புலத்திலும் கடைப் பெயரோடு தொழிலைச் சேர்த்தோம். அதுவும் தேடலில் பொருத்திப் பார்க்கப்படும் இடம்தான்.

அடுத்து அவர் ஆர்வமிகுதியில், தாம் போகவே முடியாத பத்துப் பகுதிகளின் பெயர்களையும் வரிசையாக அடுக்கினார். அவற்றை நீக்கச் சொன்னேன், ஏனெனில் அது படிப்பவரை விரட்டும், பொருந்தாத அழைப்புகளையும் கொண்டுவரும். வாசகத்தை உரக்கப் படித்தால் பேச்சுபோல் ஒலிக்காத இடமே சொல் திணித்த இடம்.

பலனைச் சொந்தக் கணக்கிலிருந்து சோதிக்கக் கூடாது, ஏனெனில் தேடுபவரின் முந்தைய செயல்பாடுகளும் முடிவுகளின் வரிசையை மாற்றுகின்றன. அவரைப் பின்தொடராத ஒரு நண்பரின் கைப்பேசியில் தேடிப் பார்த்தோம். "வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்று மட்டும் தட்டியபோது, அதிக விருப்பங்களும் பகிர்வுகளும் பெற்ற பழைய பக்கங்களே முன்னால் நின்றன. பகுதியின் பெயரையும் சேர்த்துத் தட்டியபோதுதான் இவருடைய ஒழுகல் பதிவு வந்தது.