காலி பிளாட்டை விற்க எவ்வளவு செலவு செய்யலாம்?

விற்பனைக்கு முன் பிளாட்டை அலங்கரித்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீடு பூட்டிக் கிடப்பதால் மாதம் எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்பதைத்தான். சேலம் அழகாபுரத்தில் அண்மையில் செய்த டூ பெட்ரூம் பிளாட்டில் மெயின்டனன்ஸ் 2,500 ரூபாய், வராமல் போகும் வாடகை 13,000 ரூபாய். இரண்டு மாத நஷ்டத்தைத் தாண்டக் கூடாது என்று 30,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டோம்.

அதில் 5,000 ரூபாய் சுத்தம் செய்வதற்கே போனது. உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு பாத்ரூம் டைல்ஸும் குழாய்களும் வெள்ளை பூத்திருந்தன. அதைவிடப் பெரிய தொல்லை, கதவைத் திறந்ததும் அடித்த சாக்கடை வாடை. அதைப் போக்குவது செலவே இல்லாத வேலை. புழங்காத வீட்டில் பாத்ரூம் தரையிலுள்ள நானி ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். தடுப்பு போனதும் குழாய்க் காற்று உள்ளே ஏறும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ட்ராப்பிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகும் வாடை போகாவிட்டால் ப்ளம்பரைக் கூப்பிட வேண்டும். அதற்கென்று 1,000 ரூபாய் ஒதுக்கிவைத்தோம்.

ஹாலுக்கு மட்டும் பெயின்ட், 11,000 ரூபாய். எல்லா அறைக்கும் ஒரே நிறத்தில் எல்இடி பல்பு 2,000 ரூபாய், திரைச்சீலை 3,000 ரூபாய். மீதி 8,000 ரூபாயில், வண்டி வாடகையும் சேர்த்து, ஒரு மாதத்துக்குக் கட்டிலும் சிறிய சோபாவும் வாடகைக்கு எடுத்தோம்.

கட்டில் எதற்கு? பெட்ரூமின் அகலம் 10 அடி. வெறும் அறையைப் பார்த்தவர்கள் எல்லாம் "இதில் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா?" என்றே கேட்டார்கள். 5 அடி அகலக் கட்டிலை நடுவில் போட்டதும் இருபுறமும் இரண்டரை அடி கண்ணெதிரே தெரிந்தது. அந்தக் கேள்வி அதோடு நின்றது. இரண்டாவது பெட்ரூமைத் துடைத்துக் காலியாகவே விட்டோம். விலையே சந்தையைவிட அதிகமாகச் சொல்லியிருந்தால் கட்டில், சோபா எதுவும் உதவாது. அந்தப் பணத்தை விலையில் குறைத்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

பெயின்ட் அடிக்கும் முன் ஈரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால், ஓர் அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதன்மேல் அடிக்கும் பெயின்ட் மறுபடி உரியும். கசிவை அடைத்து, சுவர் காய்ந்த பிறகே பட்டி பார்க்க வேண்டும். அதற்குக் கையில் பணமில்லை என்றால் மறைத்து அடிக்காதீர்கள், வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவே சொல்கிறது.