லைவ் ஸ்ட்ரீமிங்: நேரலையா, தாரையா?

‘லைவ் ஸ்ட்ரீமிங்’ என்பதற்கு இன்று பரவலாக வழங்கும் தமிழ்ச் சொல் ‘நேரலை’. தொலைக்காட்சிக்காரர்கள் திரையின் மூலையில் பொறித்துப் பொறித்து நிலைபெறச் செய்த சொல் இது. நேர் + அலை. வானலை வழியே நேராக வந்து சேர்வது என்ற பொருளில் தொலைக்காட்சிக்கு நன்றாகவே பொருந்தியது. ஆனால் இணையத்தில் நடப்பது வேறு.

ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீம்’ என்றால் ஓடை, நீரோட்டம். முழுக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொண்டு பார்க்காமல், வந்துகொண்டிருப்பதை வரவரப் பார்ப்பதால் இந்தப் பெயர். 1993 ஜூன் 24 அன்று கலிபோர்னியாவில் ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்ற இசைக்குழு வாசித்ததை இணையத்தில் அப்படி அனுப்பியதே இவ்வகையில் முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ‘ஸ்ட்ரீம்’ என்பதற்குத் தமிழில் ‘ஓடை’, ‘தாரை’ என்ற இரண்டு சொற்களும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்குத் தாரைதான் பிடிக்கும். வடமொழி வழி வந்த சொல்தான். ஆனால் கண்ணீர் தாரை தாரையாக வழிகிறது என்று சொல்லும் நமக்கு அது அயல் சொல் அன்று. ஓடை தானாக ஓடுவது. தாரை ஒருவர் கை வைத்து வார்ப்பது. நேரலைத் தாரை என்று சேர்த்துச் சொன்னால் பொருள் முழுமை பெறும். ‘நேர்’ என்ற சொல் மறைக்கும் ஓர் உண்மையையும் தாரை காட்டிவிடும்: ஊற்றுகிற இடத்துக்கும் விழுகிற இடத்துக்கும் நடுவே தூரம் இருக்கிறது.

என் அண்ணி வெள்ளிக்கிழமைகளில் யூடியூபில் சிக்குக் கோலம் போட்டுக் காட்டுகிறார். முதல் வாரங்களில் எல்லாம் குழப்பம். “அந்தப் புள்ளியில் தவறாகச் சுழித்துவிட்டீர்கள்” என்று ஒருவர் எழுதுவார். அண்ணி அதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். எந்தப் புள்ளி என்று தேடுவதிலேயே நேரம் போகும். ஒரு நாள் நொடி முள் உள்ள கடிகாரத்தைக் கேமரா முன் பிடித்து, இன்னொரு போனில் அதே ஒளிபரப்பைத் திறந்து பார்த்தோம். 18 நொடி வித்தியாசம்!

காரணம் இதுதான். கணினி படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. யூடியூப் அதைச் சில நொடி நீளத் துண்டுகளாக்கி வைக்கிறது. பார்ப்பவரின் செயலி இரண்டு மூன்று துண்டுகளைத் தொட்டியில் தேக்கிக்கொண்ட பிறகே ஓட்டத் தொடங்குகிறது. இணையம் நடுவில் தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்க அந்தத் தொட்டி வேண்டும். அரட்டைச் செய்திகளோ சில எழுத்துகள்தாம். அவை இந்த வழியில் வருவதில்லை. ஏறக்குறைய உடனே வந்துவிடும். ஆக, பார்ப்பவர் பழைய படத்தைப் பார்த்துப் புதுச் செய்தி எழுதுகிறார்.

யூடியூப் ஸ்டூடியோவில் தாமதத்தைக் குறைக்கும் தெரிவு இருக்கிறது. மிகக் குறைவு என்று வைத்தால் ஐந்து நொடிக்குள் வந்துவிடும். ஆனால் தொட்டி சிறிதாகிறது. இணையம் சற்று இளைத்தாலும் பார்ப்பவருக்குப் படம் சுழன்று நிற்கும். அதனால்தான், எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் உங்கள் பதிவேற்ற வேகம் என்ன என்று கேட்கிறேன். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். 720 வரித் தரத்தில் நொடிக்கு 30 சட்டங்கள், அதாவது 30 பிரேம்கள், அனுப்ப யூடியூப் பரிந்துரைப்பது 4 எம்பிபிஎஸ். அளந்து பார்த்தால் அதைப்போல் ஒன்றரை மடங்காவது நிலையாகக் கிடைக்க வேண்டும். அண்ணியின் வீட்டில் வைஃபையை விட்டுவிட்டு மடிக்கணினிக்கு லேன் கேபிள் போட்டதும்தான் தாமதத்தைக் குறைக்க முடிந்தது. ஒளிபரப்பை அனுப்பப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளின் அடிப்பட்டையில் தவறிய சட்டங்களின் எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் தாரை அறுபடுகிறது என்று பொருள். தரத்தை ஒரு படி இறக்கிவிட வேண்டும்.

மற்ற கருவிகள் எளியவை. மேலிருந்து பார்க்கும்படி ஸ்டாண்டில் ஒரு வெப்கேம், குனிந்து கோலமிடுவதால் காலர் மைக், பக்கவாட்டில் ஒரு விளக்கு. ஒன்றே ஒன்று படுத்தியது: வெள்ளை மாவு ஏந்திய கை சட்டத்துக்குள் வந்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்க, தரை கறுத்துப் புள்ளிகள் மங்கிவிடும். எக்ஸ்போஷரைத் தானியங்கியிலிருந்து மாற்றி நிலையாக வைத்தபின் சரியாயிற்று.

இனி, ‘மாடரேட்டர்’. இதற்குத் தமிழ் இணையம் அருமையான சொல்லை ஏற்கெனவே ஆக்கி வைத்திருக்கிறது: மட்டுறுத்துநர். வலைப்பதிவுக் காலத்தில் பின்னூட்டங்களை மட்டுறுத்தல் என்று எழுதி எழுதிப் பழகிய சொல். மட்டு என்றால் அளவு. அளவுக்குள் நிறுத்துவது மட்டுறுத்தல். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரான ‘மோடுஸ்’ என்பதற்கும் அளவு என்பதே பொருள். இப்படி வேரோடு வேர் பொருந்தும் கலைச்சொல் அபூர்வம். நெறியாளர் என்று மாற்றிச் சொல்வது தேவையில்லை. அது விவாதம் நடத்துபவருக்கு உரிய பெயர்.

மட்டுறுத்துநர் படத்தைப் பார்க்காமல் அரட்டையைப் பார்த்து உட்கார வேண்டும். அண்ணிக்கு அவர் தங்கை அந்த வேலையைச் செய்கிறார். ஒருவர் இழிவாக எழுதினால் அண்ணி பதில் சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும்? தங்கை அந்த வரியை நீக்கிப் பல நொடிகள் ஆன பிறகு, மற்றவர்களுக்கு அண்ணியின் கோபம் மட்டும் போய்ச் சேரும். ஆளைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால் அவர் எழுதுவது பிறருக்குத் தெரியாது. அவருக்கும் அறிவிப்பு போகாது. தடைச்சொற் பட்டியலும் உண்டு. தமிழில் அதை நம்பி இருந்துவிட முடியாது. வேற்றுமை உருபு ஏறினால் சொல் மாறிவிடுகிறது. ரோமன் எழுத்தில் ஒரே வசைக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. அத்தனையையும் சேர்த்தாலும் புதிதாக ஒன்று வரும். ஆள் இருக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, பார்ப்பவர்கள் கொடுக்கும் ‘டிப்ஸ்’. இது ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று சொல்லப்படுவது கட்டுக்கதை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குழூஉக்குறியில் ‘டிப்’ என்றால் கொடு. தமிழில் இனாம் என்றால் இரக்கம் ஒட்டிக்கொள்கிறது. பரிசில் என்றால் கொடுப்பவர் வள்ளலாகிவிடுகிறார். அன்பளிப்பு என்பதே சரி. தெருக்கூத்தில் பார்வையாளர் பணம் கொடுத்ததும் ‘இன்னார் அன்பளிப்பு இவ்வளவு’ என்று கட்டியங்காரன் பெயர் சொல்லி அறிவிப்பானே, 2017இல் யூடியூப் கொண்டுவந்த சூப்பர் சாட் அதுவேதான்: பணமும் ஒரு செய்தியும் சேர்ந்து வரும், தொகைக்கேற்ற நிறத்தில் பட்டையாக மேலே நிற்கும்.

வரி போக வருவதில் 70 விழுக்காடு ஒளிபரப்புபவருக்கு, மீதி யூடியூபுக்கு. முழுத் தொகையும் வரட்டும் என்று யுபிஐ கியூஆர் படத்தைத் திரையில் ஒட்டுபவர்கள் உண்டு. பல யுபிஐ முகவரிகளில் கைப்பேசி எண்ணே இருக்கிறது. பணம் அனுப்புபவருக்குப் பெயரும் தெரியும். தனியாக வாழும் பெண்கள் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அன்பளிப்புக்கு நன்றி சொல்வதிலும் தாமதம் குறுக்கே வரும். கொடுத்தவர் அண்ணியின் வாயிலிருந்து தம் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார். அதனால் அண்ணி பெயரையும் கேள்வியையும் சேர்த்தே படித்துவிட்டுப் பதில் சொல்கிறார். “வேறு கேள்வி உண்டா?” என்று கேட்டபின் உடனே நிறுத்துவதும் இல்லை. அரை நிமிடம் மாவுக் கிண்ணத்தை மூடி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அரட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.