ஒரு ரசீதுக்கு இரண்டு தேதிகள்: பெங்களூர் வீட்டு வரியும் தண்ணீர் பில்லும் வருடக் கணக்காவது எப்படி

பெங்களூரில் வீடு வைத்திருப்பவர்கள் ஏப்ரல் மாதம் பிறந்தால் செய்கிற முதல் வேலை, முப்பதாம் தேதிக்குள் சொத்து வரியை மொத்தமாகக் கட்டி 5 சதவீதத் தள்ளுபடியை வாங்கிக்கொள்வது. ரசீது பி.டி.எஃப்.-ஆக வரும், அதை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்துக்கொள்வோம், அதோடு சரி. அப்புறம் வாடகை வருமானத்துக்குக் கணக்கு எழுதும்போதோ வீட்டை விற்கும்போதோ, ‘போன அஞ்சு வருஷ ரசீது குடுங்க’ என்று யாராவது கேட்கும்போதுதான் தேடல் தொடங்கும். ரசீதுகளிலிருந்து விவரத்தை எடுத்து வருடவாரியாக ஒரு பதிவாக மாற்றுவது பார்ப்பதற்கு எளிது: தொகை, தேதி, எண், மூன்றையும் ஒரு வரியில் எழுதினால் முடிந்தது என்று தோன்றும். அப்படி எழுதிய கணக்கு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஏனென்றால் ஒரு ரசீதில் குறைந்தது இரண்டு தேதிகள் இருக்கின்றன: பணம் கட்டிய தேதி ஒன்று, அந்தப் பணம் எந்தக் காலத்துக்கு என்பது இன்னொன்று.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அல்சூர் பக்கம் ஆயிரம் சதுர அடி வீடு, சொந்தக் குடியிருப்பு. இங்கே வரி ‘யூனிட் ஏரியா வேல்யூ’ முறையில் கணக்கிடப்படுகிறது: பரப்பளவை அந்தப் பகுதியில் ஒரு சதுர அடிக்கு வைத்திருக்கும் மாத மதிப்பால் பெருக்கி, அதை 10 மாதத்தால் பெருக்க வேண்டும் (பன்னிரண்டு இல்லை, பத்துதான், இரண்டு மாதம் பராமரிப்புக்கு விட்டுக்கொடுத்த கணக்கு). அந்த மதிப்பு 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000. கட்டடத்தின் வயதுக்கு 15 சதவீதத் தேய்மானம் கழித்தால் 17,000. குடியிருப்புக்கு அதில் 20 சதவீதம் வரி, அதாவது 3,400. அந்த வரித்தொகைமேல் 24 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி, 816. ஆக 4,216 ரூபாய்.

இந்த வீட்டுக்காரர் 2024-25க்கான வரியை இழுத்தடித்து 2025 மார்ச் 27 அன்று வட்டி 316 ரூபாயோடு கட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 4,532. பட்டது போதும் என்று 2025-26 வரியை ஏப்ரல் 9ஆம் தேதியே கட்டிவிட்டார்: 4,216க்கு 5 சதவீதத் தள்ளுபடி 210.80 போக, குப்பைக் கட்டணம் 600 சேர்த்து 4,605.20. இரண்டு வாரத்துக்குள் இரண்டு ரசீதுகள். காலண்டர் வருடப்படி தொகுத்தால் 2025இல் இவர் இரட்டை வரி கட்டியதாகவும், 2024இல் ஒன்றுமே கட்டாததாகவும் தெரியும். காலத்தின்படி தொகுத்தால் வருடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக நிற்கும்.

அப்படியானால் கட்டிய தேதியை விட்டுவிடலாமா? விடக்கூடாது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து மாநகராட்சி வரியைக் கழிப்பது உரிமையாளர் உண்மையில் பணம் கட்டிய நிதியாண்டில்தான், அது எந்த வருடத்து வரியாக இருந்தாலும். தண்ணீர் கட்டணம் அந்தக் கழிவில் வராது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆக ‘இந்த வருஷம் பாக்கி இருக்கா’ என்பதற்கு ஒரு தேதி பதில் சொல்கிறது, ‘இந்த வருஷம் எவ்வளவு கழிக்கலாம்’ என்பதற்கு இன்னொரு தேதி. பதிவில் இரண்டும் தனித்தனிப் பத்தியாக இருந்தாக வேண்டும், தொகையையும் இனம் இனமாகப் பிரித்து எழுத வேண்டும்:

```
kind,ref,from,to,paid_on,head,amount
ptax,4-12-87,2024-04-01,2025-03-31,2025-03-27,tax,3400.00
ptax,4-12-87,2024-04-01,2025-03-31,2025-03-27,cess,816.00
ptax,4-12-87,2024-04-01,2025-03-31,2025-03-27,interest,316.00
```

இனம் பிரிப்பது நேர்த்திக்காக மட்டும் இல்லை. எழுத்தைப் படிக்கும்போது வரும் பிழையைப் பிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அதற்கு முதலில் எழுத்து எப்படி வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இணையத்தில் இறக்கிய பி.டி.எஃப்.-இல் பெரும்பாலும் எழுத்துகள் எழுத்துகளாகவே உள்ளே இருக்கும், படத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை:

```
pdftotext -layout rasidhu.pdf -
```

`-layout` இல்லாவிட்டால் இடது பத்தியின் தலைப்புகள் எல்லாம் ஒரு பக்கம், வலது பத்தியின் எண்கள் எல்லாம் இன்னொரு பக்கம் என்று பிரிந்து வந்து, எந்தத் தொகை எதற்கு என்றே தெரியாமல் போகும். கன்னட வரிகள் சில சமயம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நுடி மாதிரி பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் கன்னட வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் தட்டிய தமிழை வேறு எழுத்துருவில் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான். எண்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும், நமக்கு வேண்டியதும் அவைதான்.

வீட்டு வாசலில் மீட்டர் பார்ப்பவர் கைக்கருவியில் அச்சிட்டுக் கொடுக்கும் தண்ணீர் பில் வேறு ரகம். அது வெப்பத்தாளில் அச்சாகியிருந்தால் சில மாதத்தில் மங்கிப்போகும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிட வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் ஒவ்வொரு வடிவத்துக்கும் எது அதிகம் பொருந்துகிறது என்று ஊகிக்கிறது. சொல்லாக இருந்தால் பக்கத்து எழுத்துகள் ஊகத்துக்கு உதவும். எண்ணுக்கு அந்த உதவி இல்லை, 3,400 என்பதும் 8,400 என்பதும் அதற்கு ஒரே அளவு நியாயமான எண்கள்தான். அதனால் மங்கிய தாளில் 3-8, 1-7, 5-6 குழப்பம் சகஜம்.

இங்கேதான் கூட்டல் கைகொடுக்கிறது. ரசீது ஒரே உண்மையைப் பலமுறை சொல்கிறது: வரி, செஸ், வட்டி என்று பிரித்தும் சொல்கிறது, மொத்தமாகவும் சொல்கிறது. முதல் ரசீதில் வரியை 8,400 என்று படித்தால் கூட்டுத்தொகை 9,532 வரும், அச்சில் இருப்பது 4,532. வித்தியாசம் சரியாக 5,000. ஆயிரம் இடத்தில் 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் அதுவே, ஆகவே பிழை இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. செஸ், வரித்தொகையில் 24 சதவீதமாக நிற்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. தண்ணீர் பில்லில் இப்போதைய அளவிலிருந்து முந்தைய அளவைக் கழித்தால் அச்சிட்ட பயன்பாடு வர வேண்டும், அது மூன்றாவது. ரூபாய்க்கு முழுமையாக்குவதால் ஒரு ரூபாய் வரை முன்னே பின்னே போனால் விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் கண்ணால் பார்க்காமல் பதிவில் ஏற்றக் கூடாது.

தேதிக்கு இப்படி ஒரு கூட்டல் கிடையாது. ஆனாலும் சுற்றி வளைத்து மடக்கலாம்: தள்ளுபடி இருக்கிறது, தேதி நவம்பர் என்றால் தேதியைத் தப்பாகப் படித்திருக்கிறோம், இல்லையென்றால் அந்த வருடம் கெடுவை நீட்டித்திருக்கிறார்கள் (நீட்டிப்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் நவம்பர் வரை இழுப்பார்களா என்று யோசியுங்கள்). நடப்பு வருட வரிக்கு ஏப்ரலிலேயே வட்டி போட்டிருந்தால் காலத்தைத் தப்பாகப் படித்திருக்கிறோம்.

சொத்தின் அடையாள எண்ணில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெங்களூரின் பழைய பி.ஐ.டி. எண் வார்டு, தெரு, மனை என்று மூன்று துண்டு. மேலே நான் போட்ட 4-12-87ஐ எக்செல்லில் ஒட்டிப் பாருங்கள், 1987ஆம் வருடத்துத் தேதியாக மாறி உட்கார்ந்திருக்கும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும், பின்னால் மாற்றினால் பழைய எண் திரும்பி வராது. வரி வாங்கிய அலுவலகத்தின் பெயரைக் கொண்டு ரசீதுகளைத் தொகுக்கவும் வேண்டாம். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது, பெயரை நம்பியிருந்தால் ஒரே வீட்டின் வரலாறு அங்கேயே இரண்டாக அறுந்துவிடும். சொத்தின் அடையாள எண்ணைக் கொண்டே தொகுக்க வேண்டும். தண்ணீர் இணைப்புக்கு அந்த அடையாள வேலையைச் செய்வது ஆர்.ஆர். எண்.

அடுத்தது ஒரே பணம் இரண்டு முறை ஏறுவது. வரியில் இது மின்னஞ்சல் ரசீது, யு.பி.ஐ. செயலியின் ரசீது, வங்கிக் குறுஞ்செய்தி என்று மூன்று வேடத்தில் வரும், பரிவர்த்தனை எண்ணை வைத்துக் களைந்துவிடலாம். காலமும் தொகையும் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை அழித்துவிடாதீர்கள், வரியை இரண்டு சம தவணையாகக் கட்டியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். தண்ணீர் பில்லில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. ஜனவரி பில் 640 ரூபாய், கட்ட மறந்தாயிற்று. பிப்ரவரி பில்லில் பாக்கி 640, வட்டி 6, இந்த மாதக் கட்டணம் 610, மொத்தம் 1,256. ‘கட்ட வேண்டிய மொத்தம்’ என்ற வரியை மட்டும் மாதாமாதம் எடுத்து எழுதுபவருக்கு இரண்டு மாதச் செலவு 1,896 ஆகிவிடும். செலவானதோ 1,256தான். ஆகவே பில்லிலிருந்து இந்த மாதக் கட்டணமும் வட்டியும் மட்டுமே புதுக் கடனாக ஏற வேண்டும். பாக்கி என்ற வரி ஏற்கெனவே இருக்கும் கடனை நினைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். பிப்ரவரியில் கட்டிய 1,256 ரூபாயை 640 ஜனவரிக்கு, 616 பிப்ரவரிக்கு என்று இரண்டாக வெட்டி எழுதினால் இரண்டு மாதமும் தீரும்.

ஆனால் அந்தப் பாக்கி வரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தொலைந்த ரசீதைத் துப்பறிய அதுதான் சாட்சி. பதிவில் பன்னிரண்டு மாதத்தில் நவம்பரைக் காணோம் என்று வையுங்கள். டிசம்பர் பில்லில் பாக்கி பூஜ்யம் என்றால் நவம்பர் கட்டியாயிற்று, காகிதம்தான் போயிற்று. வங்கிக் கணக்கில் அந்தச் சில வாரங்களைத் தேடினால் தொகை கிடைத்துவிடும். டிசம்பரில் பாக்கி இருந்தால் நவம்பரே கட்டவில்லை. டிசம்பரின் ‘முந்தைய அளவு’ அக்டோபரின் ‘இப்போதைய அளவு’ ஆகவே இருந்தால், நவம்பரில் மீட்டரை யாரும் படிக்கவே இல்லை. வீடு பூட்டியிருந்ததென்று சராசரிக் கணக்கில் பில் போட்டிருக்கலாம், அப்போது நவம்பர் தொகையை உறுதியானது என்று எழுதக் கூடாது, அடுத்த மாதம் மீட்டரைப் பார்த்து அவர்கள் சரிக்கட்டும் வரை அந்த வரிக்குப் பக்கத்தில் ‘சராசரி’ என்று ஒரு குறிப்பு நிற்கட்டும்.