ஜீன்ஸ் துணி என்று வந்த 30 மீட்டர்

சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அதனால் பள்ளிச் சீருடைக்கு அடுத்தபடி என் கைக்கு அதிகம் வருவது வேலைக்குப் போடும் உடுப்புதான். இவ்வளவு காலம் துணியைத் தொட்டுப் பழகிய நானே சென்ற வருடம் ஒரு நீலத் துணியில் ஏமாந்தேன். அதைச் சொன்னால் துணி வாங்குகிறவர்களுக்கு உதவும்.

செம்பனைக் குலை வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் தம்பி ஒருவர் ஒரு ரோல் துணியோடு வந்தார். இணையத்தில் வாங்கியதாம். 30 மீட்டர். "அக்கா, ஜீன்ஸ் துணி, நல்ல விலைக்குக் கிடைச்சது. ஆளுங்களுக்கு 12 கால்சட்டை தைச்சுக் குடுங்க" என்றார். நீலத்தில் வெள்ளை கலந்த அதே நிறம், தொட்டால் பருத்தி. விற்றவர் விளம்பரத்தில் 'டெனிம், 6.5 அவுன்ஸ்' என்று போட்டிருந்ததைப் போனில் காட்டினார். கொஞ்சம் மெலிசாகத் தெரிந்தது. நம் வெயிலுக்கு மெலிசு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் தையலிலேயே துணி எனக்குச் சொல்லிப் பார்த்தது. ஜீன்ஸ் என்று நினைத்து 16-ஆம் நம்பர் ஊசி போட்டிருந்தேன். தையல் ஓரத்தில் ஊசி இறங்கிய இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாகத் தெரிந்தது, துணியும் லேசாகச் சுருங்கி இழுத்தது. கனமான டெனிமில் இப்படி ஆகாது. நானோ ஊசியை 12-க்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஊசியை மாற்ற வேண்டி வந்தது ஏன் என்று அன்றைக்கு யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஐந்து கால்சட்டை திரும்பி வந்துவிட்டது. உதிரிப் பழம் பொறுக்கக் குந்தி எழுந்து, மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து, நான்கு கால்சட்டையில் நடுத்தையல் பக்கம் துணி நைந்து போயிருந்தது. தையல் விடவில்லை, தையலை ஒட்டிய துணிதான் போயிருந்தது. ஐந்தாவதில் மட்டை முள் மாட்டி முட்டிக்குக் கீழே 'ட' எழுத்துப் போல நேராகக் கிழிந்து திரும்பியிருந்தது. அந்தக் கிழிசலைப் பார்த்ததும் புரிந்தது, இது டெனிம் இல்லை, சாம்ப்ரே.

இரண்டும் பிறப்பில் நெருங்கிய சொந்தம், குழப்பமே அதனால்தான் வருகிறது. இரண்டிலும் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. தூரத்தில் இருந்து பார்த்தால் அதே வெளுத்த நீலம்தான். வேறுபாடு நூல்கள் ஒன்றையொன்று கடக்கும் விதத்தில் இருக்கிறது. சாம்ப்ரேயில் ஊடை ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும், சாதாரணப் பாய் முடைவது போல. டெனிமில் பாவு நூல் இரண்டு அல்லது மூன்று ஊடைக்கு மேலே ஏறிப் போய், ஒன்றுக்குக் கீழே இறங்கும். அடுத்த நூல் ஒரு படி தள்ளி அதையே செய்யும். அதனால்தான் டெனிமில் குறுக்கே சாய்ந்த கோடு ஓடுகிறது. நீல நூல் பெரும்பாலும் மேலேயே கிடப்பதால் வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் வெளுப்பு. சாம்ப்ரேக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம்தான்.

இது கண்ணுக்கான வேறுபாடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். துணியின் கனமே இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு நூலும் ஒவ்வொன்றையும் சுற்றி ஏறி இறங்கினால், ஒவ்வொரு கடப்புக்கும் இடம் விட வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் அதிக நூலைத் திணிக்க முடியாது, தடித்த நூலைத் திணிக்கவே முடியாது. டெனிமில் கடப்புகள் குறைவு. தடித்த நூல்களையே ஒன்றோடொன்று நெருக்கி அடித்து உட்கார வைக்கலாம். ஆகவே ஜீன்ஸுக்கான டெனிம் பெரும்பாலும் ஒரு சதுர கஜத்துக்கு 10 முதல் 14 அவுன்ஸ் வரை இருக்கும், சாம்ப்ரே 3 முதல் 6 அவுன்ஸில் நின்றுவிடும். உரசும்போது தேய்வதற்கு டெனிமில் நூல் நிறைய இருக்கிறது, சாம்ப்ரேயில் இல்லை.

அந்த 'ட' கிழிசலுக்கும் காரணம் நெசவுதான். சாம்ப்ரேயில் ஒவ்வொரு நூலும் தன் இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. முள் இழுத்தால் நகர முடியாமல் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகும். டெனிமில் நூலுக்குக் கொஞ்சம் அசைய இடம் உண்டு. இழுபடும்போது நாலைந்து நூல் சேர்ந்து ஒரு கற்றையாகிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பழைய ஜீன்ஸ் முட்டியில் நீலம் போய், வெள்ளை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி குறுக்கே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கிடந்த நீலப் பாவு தேய்ந்து போன பிறகும் ஊடை நூல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாம்ப்ரே அப்படி நிற்பதில்லை, நேரே ஓட்டைதான்.

சரி, விற்றவர் சொன்ன 6.5 அவுன்ஸ் என்ன ஆனது? மீதித் துணியில் சரியாக 1 மீட்டர் வெட்டி, மடித்து, அடுக்களைத் தராசில் வைத்தேன். 202 கிராம் காட்டியது. துணியின் அகலம் 58 அங்குலம், அதாவது 1.47 மீட்டர். 202-ஐ 1.47-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 137 கிராம். ஒரு சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 34 கிராம். அப்படிப் பார்த்தால் இது வெறும் 4 அவுன்ஸ் துணி. உண்மையிலேயே 6.5 என்றால் அந்த ஒரு மீட்டர் தராசில் 325 கிராம் காட்டியிருக்க வேண்டும்.

முதலில் சுத்தப் பொய் என்றுதான் நினைத்தேன். அப்புறம் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். சதுர கஜம் என்று பார்க்காமல், முழு அகலத்தோடு ஒரு கஜ நீளத் துணியின் எடையை எடுத்தால் சரியாக 6.5 அவுன்ஸ் வருகிறது! டெனிமின் எடையைச் சதுர கஜத்துக்குச் சொல்வதுதான் வழக்கம். ஓடும் கஜத்துக்கு எடுத்தால் அகலத் துணி எதுவும் கனமாகத் தோன்றும். வேண்டுமென்றே செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, வாங்குகிறவர் கையில் வந்து சேருவது மெலிந்த துணிதான். ஆகவே அவுன்ஸ் என்று யாராவது சொன்னால் எந்த அளவுக்கு என்று கேளுங்கள், அல்லது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றே கேட்டுவிடுங்கள்.

தராசு இல்லாத இடத்தில் எனக்குப் பழகிப்போன வழி, வெட்டு ஓரத்தில் இருந்து நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று நூல் உருவிப் பார்ப்பது. ஒன்று நீலம், ஒன்று வெள்ளை என்றால் நூலில் சாயம் போட்டு நெய்த துணி. ஒரே நூலில் நீலமும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருந்தால் வெள்ளைத் துணியின் மேல் டெனிம் மாதிரி அச்சடித்தது. பசார் மாலாமில் இது நிறைய. நீல நூலை முறுக்கு அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் இண்டிகோ மேலே மட்டும் பிடித்திருக்கிறது, டெனிமுக்கு இது இயல்பு. சாயத் தொட்டியில் முக்கி, காற்றில் காட்டி, திரும்ப முக்கி என்று பலமுறை செய்வதால் நிறம் நூலின் வெளிவட்டத்திலேயே தங்கும். தேயத் தேய உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வரும், ஜீன்ஸின் அழகே அதுதான். சாம்ப்ரேக்கு வேறு சாயங்களும் போடுவார்கள். நூல் உள்வரை நீலமாக இருந்தால் அது ஜீன்ஸ் மாதிரி வெளுக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சட்டைக்கென்றே 5, 6 அவுன்ஸில் மெல்லிய டெனிமும் வருகிறது. எடையை வைத்து அதைச் சாம்ப்ரேயிலிருந்து பிரிக்க முடியாது. துணியைத் திருப்பிப் பாருங்கள், சாய்கோடும் வெளுத்த உள்பக்கமும் இருந்தால் டெனிம். ஆனால் டெனிம் என்ற பெயருக்காக அதிலும் கால்சட்டை தைக்காதீர்கள். தோட்ட வேலைக் கால்சட்டைக்கு 9 அவுன்ஸுக்குக் கீழே நான் இப்போது தைப்பதில்லை. 13, 14 அவுன்ஸும் வேண்டாம் என்பேன். மழை மாதத்தில் அது காய்வதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடும்.

சாம்ப்ரேயைக் குறை சொல்லவில்லை. தவறு அதைக் காலில் போட்டதுதான். அமெரிக்கக் கடற்படையில் பல பத்தாண்டுகள் வேலை உடுப்பு என்றால் மேலே சாம்ப்ரே சட்டை, கீழே டெனிம் கால்சட்டை. வியர்க்கும் முதுகுக்கு மெலிசு, உரசும் காலுக்குக் கனம். தம்பியிடம் நடந்ததைச் சொல்லி, தையல் கூலியை வாங்காமல் மீதி 15 மீட்டரில் எட்டு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். 11-ஆம் நம்பர் ஊசி, அக்குளில் மட்டும் இரட்டைத் தையல். காலையில் துவைத்துப் போட்டால் மத்தியானம் காய்ந்துவிடுகிறதாம். ஒரு வருடம் ஆகப் போகிறது, ஒன்றும் கிழியவில்லை.

கால்சட்டைக்கு 10 அவுன்ஸ் டெனிம் நானே பார்த்து வாங்கினேன். வெட்டுவதற்கு முன் அரை மீட்டர் சதுரம் ஒன்றைக் குறித்துத் துவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துகொண்டேன். சாய்வு நெசவு துவைத்த பிறகு ஒரு பக்கமாகத் திரும்பும் என்பதால் அந்தச் சதுரத்தின் மூலைகளையும் பார்த்தேன். கால்சட்டையின் பக்கத் தையல் முன்னங்காலுக்குத் திரும்பி வருவது இந்தத் திருப்பத்தால்தான், தையல்காரர் எப்போதும் காரணம் இல்லை!

கால்சட்டைகளை வாங்க வந்தது தம்பியின் மனைவி. பையன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான், இதை அவன் வெள்ளைச் சட்டையோடு மெஷினில் போடலாமா என்று கேட்டார். ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துக் கால்சட்டையில் பத்துத் தடவை தேய்த்துக் காட்டினேன். துண்டு நீலமாகிவிட்டது. இண்டிகோ நூலின் மேல்தோலில் ஒட்டியிருப்பது, உரசினால் வந்துவிடும். இப்படித் தேய்த்தாலும் துண்டில் நீலம் ஒட்டாத நாள் வரும் வரைக்கும் தனியாகத் துவைக்கச் சொன்னேன், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு. துண்டையும் கையோடு வாங்கிக்கொண்டு போனார்.