சமவிலை ஈட்டுவீதம்: பார் யீல்டு என்றால் என்ன, எப்படிக் கணக்கிடுவது?

‘பார்’ என்பது லத்தீன் சொல். ‘சமம்’ என்று பொருள். கடன் பத்திரச் சந்தையில் எதற்கு எது சமம் என்று கேட்டால், விடை இதுதான்: பத்திரத்தின் மேல் அச்சிட்ட தொகையான முகமதிப்பும் அதைச் சந்தையில் வாங்கும் விலையும் சமம். நூறு ரூபாய்ப் பத்திரம் நூறு ரூபாய்க்கே விற்றால் அது ‘பாரில்’ இருக்கிறது. பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்தில் ‘முகமதிப்பில் வெளியிடல்’, ‘முனைமத்தில் வெளியிடல்’ என்று படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல.

‘யீல்டு’ என்பதைச் செய்தித்தாள்கள் வருமானம் என்றும் வருவாய் என்றும் எழுதுகின்றன. இரண்டும் தொகையைக் குறிப்பவை. இங்கே பேசப்படுவதோ ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்ற வீதம். அதனால் ‘ஈட்டுவீதம்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டையும் சேர்த்தால் பார் யீல்டு ‘சமவிலை ஈட்டுவீதம்’ ஆகிறது. ஒரு பத்திரம் இன்று சரியாக முகமதிப்புக்கே விற்க வேண்டுமானால், அதற்குக் கூப்பன் வட்டி, அதாவது முகமதிப்பின் மேல் தவணைதோறும் தரும் வட்டி, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? அந்தச் சதவீதம்தான் சமவிலை ஈட்டுவீதம்.

இந்திய அரசின் கடன் பத்திரங்களின் பெயரிலேயே இதைப் பார்க்கலாம். புதிய பத்திரம் ஒன்றை ரிசர்வ் வங்கி ஏலம் விடும்போது, பங்கேற்போர் வழக்கமாக விலையைக் கேட்பதில்லை, ஈட்டுவீதத்தையே கேட்கிறார்கள். ஏலத்தில் ஏற்கப்படும் மிக உயர்ந்த ஈட்டுவீதமான வெட்டு வீதமே அந்தப் பத்திரத்தின் கூப்பனாகிவிடுகிறது. 2033இல் முதிரும் அரசுப் பத்திரமான 7.18% GS 2033இன் பெயரில் உள்ள 7.18 அப்படி வந்த எண்தான்.

சமவிலை ஈட்டுவீதத்தைக் கணக்கிட அடுத்துத் தேவைப்படுவது ‘ஸ்பாட் வீதம்’. இதை ‘உடனடி வீதம்’ என்று மொழிபெயர்ப்பது பொருளைத் திசைதிருப்பும். ஏதோ சில நாள் கடனுக்கான வட்டி என்று தோன்றும். பத்து ஆண்டுக்கும் ஸ்பாட் வீதம் உண்டு. இன்று பணம் கொடுத்து, இடையில் எதுவும் வாங்காமல், முடிவில் ஒரே தவணையாகப் பெற்றுக்கொள்ளும் கடனுக்கான வீதம் அது. ஆகவே ‘ஒற்றைத் தவணை வீதம்’ என்றால் குழப்பம் இல்லை. கூப்பன் பத்திரத்திலோ பல தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் காலத்துக்குரிய ஒற்றைத் தவணை வீதத்தைப் பொருத்துவதுதான் இந்தக் கணக்கின் சாரம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்திய அரசுப் பத்திரங்களைப் போலவே அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் இரண்டாண்டுப் பத்திரம் என்று கொள்வோம். ஒற்றைத் தவணை வீதங்கள் 6 மாதத்துக்கு 6.0%, ஓராண்டுக்கு 6.4%, ஒன்றரை ஆண்டுக்கு 6.7%, இரண்டாண்டுக்கு 7.0%. இவை அனைத்தும் அரையாண்டுக் கூட்டுவட்டி முறையில் சொல்லப்பட்டவை.

முதலில், எதிர்காலத்தில் வரும் ஒரு ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்று காண வேண்டும். ஆண்டு வீதத்தைப் பாதியாக்கி, ஒன்றுடன் கூட்டி, எத்தனை அரையாண்டோ அத்தனை முறை வகுக்க வேண்டும்.

```
d1 = 1 / 1.03      = 0.97087
d2 = 1 / 1.032^2   = 0.93895
d3 = 1 / 1.0335^3  = 0.90588
d4 = 1 / 1.035^4   = 0.87144
```

இந்த நான்கின் கூடுதல் 3.68714. அதாவது, இரண்டாண்டுகளுக்கு அரையாண்டுதோறும் ஒரு ரூபாய் பெறும் உரிமைக்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ 3 ரூபாய் 69 காசு.

இனி பத்திரத்தின் நிலையைப் பாருங்கள். இன்று 100 ரூபாய் கொடுக்கிறோம். முடிவில் திரும்பி வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 87.144 ரூபாய்தான். மீதி 12.856 ரூபாயை நான்கு கூப்பன்களும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். எனவே ஒரு கூப்பன் 12.856 ÷ 3.68714, அதாவது 3.4867 ரூபாய். இது அரையாண்டுக்கு. இரட்டித்தால் ஆண்டுக்கு 6.97%. சூத்திரமாக எழுதினால் ஒரே வரி:

```
c = 2 * 100 * (1 - d4) / (d1 + d2 + d3 + d4)
```

பத்திரத்தை இன்றைய விலைக்கு வாங்கி முடிவுவரை வைத்திருந்தால் கிடைக்கும் வீதமே முதிர்வு ஈட்டுவீதம். சாதாரணப் பத்திரம் ஒன்றுக்கு அதைக் காண, ஒரு வீதத்தை ஊகித்து, விலை பொருந்தும்வரை திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. விலை 100 என்று நாமே நிறுத்திவிட்டதால், கூப்பனும் முதிர்வு ஈட்டுவீதமும் ஒன்றாகிவிடுகின்றன. நேரடியாக வகுத்தால் போதும்.

விடை ஏன் 7 ஆகவில்லை, ஏன் நான்கு வீதங்களின் சராசரியான 6.525 ஆகவில்லை என்ற கேள்வி எழும். 7% கூப்பன் கொடுத்தால் பத்திரத்தின் மதிப்பு 100 ரூபாய் 5 காசு, சற்றே கூடிவிடுகிறது. 6.525% கொடுத்தால் 99.17 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. முன்னதாக வரும் கூப்பன்கள் குறைந்த வீதங்களில் இன்றைய மதிப்புக்குக் கழிக்கப்படுவதால் விடை 7க்குக் கீழே இழுக்கப்படுகிறது. ஆனால் அவை சிறு தொகைகள். பெருந்தொகையான அசல் கடைசி நாளில் வருவதால், கடைசி வீதத்தின் பக்கமே விடை சாய்கிறது. காலம் போகப் போக வீதங்கள் ஏறும் சந்தையில் சமவிலை ஈட்டுவீதம் எப்போதும் கடைசி ஒற்றைத் தவணை வீதத்துக்குக் கீழேயே இருக்கும். இறங்கும் சந்தையில் மேலே இருக்கும். கிடைத்த விடை இதற்கு மாறாக இருந்தால், எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

பிழை பெரும்பாலும் கூட்டுவட்டி முறையில்தான் ஒளிந்திருக்கும். மேலே கொடுத்த அதே நான்கு வீதங்களும் ஆண்டுக் கூட்டுவட்டியில் சொல்லப்பட்டவையானால், பாதியாக்குவது தவறு. முதல் தவணைக்கு 1.06இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், மூன்றாவதற்கு 1.067இன் அடுக்கு ஒன்றரை. அப்படிச் செய்தால் விடை 6.86% ஆகிறது. ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கை அடிப்படைப் புள்ளி என்பார்கள்; வேறுபாடு 11 புள்ளிகளுக்கு மேல். கோடிக்கணக்கில் பத்திரம் வாங்குகிறவருக்கு இது சில்லறை விஷயமல்ல. இதைவிடச் சிறிய தொல்லை ஒன்றும் உண்டு: நான்கு தசம இடங்களோடு நிறுத்திக் கணக்கிட்டால் 6.97 என்பது 6.98 ஆகிவிடும். தேர்வில் விடை பொருந்தவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கலாம்.

அமெரிக்கக் கருவூலத் துறை நாள்தோறும் வெளியிடும் வீதங்கள் சமவிலை ஈட்டுவீதங்களே. அட்டவணையின் பெயரிலேயே ‘பார் யீல்டு’ இருக்கிறது. அவையும் அரையாண்டு வட்டி அடிப்படையிலானவை. ஆனால் அங்கே கணக்கு எதிர்த்திசையில் தொடங்குகிறது. சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் கூப்பன் பத்திரங்களின் விலைகள்; அவற்றிலிருந்துதான் ஒற்றைத் தவணை வீதங்களைப் படிப்படியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் ஆறு மாதம், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வீதங்களும் 6.97% என்ற விடையும் தெரிந்து, இரண்டாண்டு வீதம் மட்டும் தெரியாமல் இருந்தால், அதே சமன்பாட்டில் d4 ஒன்றுதான் தெரியாத எண். அதைக் கண்டுபிடித்தால் 7.0% ஏறத்தாழத் திரும்பக் கிடைக்கும்.

இப்படி வெளியாகும் எண்ணுக்கு நேராகச் சந்தையில் ஒரு பத்திரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சரியாகப் பத்தாண்டில் முதிர்ந்து, சரியாக முகமதிப்பில் விற்கும் பத்திரம் அன்றைக்கு இல்லாமலே போகலாம். பழைய பத்திரங்கள் முகமதிப்புக்கு மேலோ கீழோ விற்றுக்கொண்டிருக்கும். அவற்றின் கூப்பன்களும் வேறு வேறு. ஆகவே கையில் உள்ள 9% கூப்பன் பத்திரத்தின் முதிர்வு ஈட்டுவீதத்தை அதே காலத்துக்கான சமவிலை ஈட்டுவீதத்தோடு வைத்துப் பார்த்து, சிறு வேறுபாடு தெரிந்ததும் விலை தவறு என்று முடிவு கட்டக் கூடாது. அதன் ஒவ்வொரு தவணையையும் உரிய ஒற்றைத் தவணை வீதத்தில் கழித்து விலை கண்ட பிறகே அதைச் சொல்ல முடியும்.