வெல்லத்தில் எழும் குமிழி: அது சாக்பீஸ் தூளா, சலவைச் சோடாவா, வெறும் காற்றா?

வெல்லத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, பொங்கினால் கலப்படம் என்று முடிவுகட்டும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. அந்தச் சோதனையின் அடிப்படை சரிதான். சாக்பீஸ் தூள் என்று நாம் சொல்வது கால்சியம் கார்பனேட். சலவைச் சோடா சோடியம் கார்பனேட். எந்தக் கார்பனேட் மீது அமிலம் பட்டாலும் கரியமில வாயு வெளியேறும். ஆனால் அந்தக் காணொளிகளில் செய்கிற மாதிரி உடைத்த வெல்லக் கட்டியின் மேலேயே நேராகப் பிழிந்தால், சுத்தமான வெல்லமும் குமிழி விடும். கட்டிக்குள் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. சாறு உள்ளே இறங்கும்போது அங்கிருந்த காற்று மேலே வருகிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் இன்னொரு துண்டை வைத்து அதன் மேல் வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அதிலும் குமிழி வரும்.

ஆகவே வெல்லத்தை முதலில் கரைத்தாக வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாங்கிய, கொஞ்சம் கூடுதலாகவே வெளுத்த அச்சு வெல்லம் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 20 கிராம் எடுத்து நுணுக்கி, கண்ணாடித் தம்ளரில் 50 மில்லி சுடுதண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். கரைந்ததும் ஒரு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். துணியில் வடிகட்டினால் பிரயோஜனம் இல்லை. சாக்பீஸ் தூள் துணியின் இழைகளுக்குள் நுழைந்து போய்விடும். தானாகப் படிய விடுவதே நல்லது.

அடியில் ஏதாவது படிவது சகஜம். கரும்புச் சக்கையின் நார், கொஞ்சம் மண், கொப்பரையின் கரி எல்லாம் பழுப்பும் கறுப்புமாகக் கிடக்கும். மாவு போல வெள்ளையாக, அடர்த்தியாக ஒரு படலம் தெரிந்தால்தான் அடுத்த வேலை. தண்ணீரில் கரையாத வேற்றுப் பொருள் வெல்லத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. நம் 20 கிராமில் அது 0.4 கிராம், அதாவது ஒரு சிட்டிகை. எடைக்காகத் தூள் சேர்ப்பவர் ஒரு சிட்டிகையோடு நிறுத்தினால் அவருக்கு லாபம் கிடையாது. அதனால்தான் சாக்பீஸ் தூள், சலவைச் சோடா, பின்னால் வரப்போகும் மஞ்சள் சாயம் ஆகிய மூன்று கலப்படங்களிலும் சாக்பீஸ் தூளைக் கண்டுபிடிப்பது எளிது.

இனி தெளிந்த கரைசலை மெதுவாக இன்னொரு தம்ளருக்கு மாற்றிவிட்டு, அடியில் நிற்கும் வண்டலில் புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி படிய விட்டு, மேல்நீரைக் கொட்ட வேண்டும். இப்படி இரண்டு தடவை கழுவ வேண்டும். சலவைச் சோடா தண்ணீரில் முழுதும் கரையும், சாக்பீஸ் தூள் கரையாது. வண்டலைக் கழுவாவிட்டால் அதில் ஒட்டியிருக்கும் சோடாவும் பொங்கி நம்மைக் குழப்பும். கழுவிய வண்டலில் வினிகர் விட்டுச் சுறுசுறுவென்று நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். நுரைக்காமல் வெள்ளையாகவே கிடந்தால் வெல்லம் தப்பியது என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பல இப்போது ஜிப்சத்தால் ஆனவை. அது கால்சியம் சல்பேட், அமிலத்துக்கு மசியாது. அங்கே நுரையை நம்பாமல் வண்டலின் அளவைத்தான் நம்ப வேண்டும்.

தெளிந்த கரைசலில் சோடாவைத் தேடுவது இதைவிடச் சிக்கல். வெல்லத்தில் ஒரு சதவீதம் சோடா இருப்பதாக வைத்தால், 10 கிராம் வெல்லத்தில் 100 மில்லிகிராம் இருக்கும். அது முழுதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் 40 மில்லிகிராம் போலக் கரியமில வாயு வரும். ஆனால் அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒன்றரை கிராம் கரியமில வாயுவைத் தனக்குள்ளேயே கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த 10 கிராம் வெல்லத்தை அரைத் தம்ளர், அதாவது 100 மில்லி தண்ணீரில் கரைத்திருந்தால், வந்த வாயு முழுதும் சத்தமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு குமிழிகூடத் தெரியாது. அதே வெல்லத்தை 10 மில்லி சுடுதண்ணீரில் பாகு மாதிரிக் கரைத்தால் வாயுவுக்குத் தங்க இடமில்லை, மேலே வந்தே தீரும்.

இன்னொரு பொறியும் உண்டு. சோடியம் கார்பனேட்டில் விழும் முதல் பங்கு அமிலம் அதைப் பைகார்பனேட்டாக மாற்றுவதோடு நின்றுவிடுகிறது. அப்போது வாயு வராது. அடுத்த பங்கு அமிலம் விழுந்தால்தான் குமிழி. அதனால் நாலு சொட்டு விட்டுப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வது அவசரம். இந்த 100 மில்லிகிராமுக்கே 3 மில்லி வினிகர் தேவை. ஒரு மேசைக்கரண்டி தாராளமாக விடுங்கள்.

குமிழியைவிட மஞ்சள் நல்ல சாட்சி. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். காரத்தன்மை ஏறினால் மஞ்சளில் உள்ள குர்குமின் செம்பழுப்பாகிவிடும். வெள்ளைத் தாளில் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் காய வைத்து, வெல்லக் கரைசலில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நல்ல கரும்பு வெல்லம் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். சலவைச் சோடா மிச்சம் இருந்தால் சொட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். வெல்லத்தின் நிறமே மறைக்கும் என்பதால், பக்கத்தில் சோடா கலந்த வெல்லக் கரைசல் ஒரு சொட்டும் வெறும் தண்ணீர் ஒரு சொட்டும் வைத்து ஒப்பிட வேண்டும்.

‘மிச்சம் இருந்தால்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெட்டி நாளாகிப் புளித்த கரும்பின் சாறு சரியாகக் கட்டி பிடிக்காது. அந்தப் புளிப்பை முறிக்கத்தான் ஆலையில் சோடா போடுகிறார்கள். கொதிக்கும் சாற்றில் உள்ள அமிலமே அந்தச் சோடாவைத் தின்றுவிடும், வாயு கொப்பரையிலேயே போய்விடும். நம் கைக்கு வரும் வெல்லத்தில் சோடியம் உப்பு மட்டும் இருக்கும். வினிகரும் மஞ்சளும் அதைக் காட்டாது. ஆய்வகத்தில் வெல்லத்தை எரித்துச் சாம்பலை நிறுப்பார்கள். அது 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதே விதி, சாற்றைத் தெளிய வைக்க உணவுத் தர சமையல் சோடாவை அனுமதிக்கிறது. சமையல் சோடா கொதியில் கார்பனேட்டாகவே மாறிவிடும். அதனால் இலேசான நுரையை மட்டும் வைத்து ‘சலவைச் சோடா’ என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இதெல்லாம் கரும்பு வெல்லத்துக்கு. நம் ஊர்க் கருப்பட்டிக்கு இதை அப்படியே பொருத்தினால் நல்லவரைத் திருடராக்கிவிடுவோம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பதநீர் இறக்கும்போது கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுகிறார்கள். தடவாவிட்டால் பொழுது விடிவதற்குள் கள்ளாகிவிடும். அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதி பதநீரோடு அடுப்புக்கு வந்து சிரட்டை அச்சிலும் இறங்குகிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கால்சியம் கார்பனேட் ஆகக்கூடியது. ஆகவே யாரும் கை வைக்காத கருப்பட்டியிலும் மெல்லிய வெண்வண்டல் இருக்கலாம், வினிகரில் கொஞ்சம் நுரைக்கலாம், மஞ்சளும் இலேசாகச் சிவக்கலாம். நல்ல கருப்பட்டிக்கும் தூள் கலந்த கருப்பட்டிக்கும் வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது. அதை நிறுத்துத்தான் சொல்ல முடியும். போகிறபோக்கில் ஒன்று: கருப்பட்டியில் உண்மையில் அதிகம் நடக்கும் மோசடி சீனி கலப்பது. இங்கே சொன்ன எந்தச் சோதனையும் அதைத் தொடாது.

அப்புறம் நிறம். பொன்மஞ்சளாக மினுங்கும் வெல்லத்தில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் சேர்க்கப்பட்டிருக்கலாம். உணவில் இதற்கு அனுமதி இல்லை. ஆய்வகத்தில் கால் தேக்கரண்டி வெல்லத்தைச் சோதனைக் குழாயில் போட்டு, 3 மில்லி ஆல்கஹால் விட்டு நன்றாகக் குலுக்குவார்கள். சர்க்கரை ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, சாயம் மட்டும் பிரிந்து வரும். அதில் 10 சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் இளஞ்சிவப்பு தோன்றினால் மெட்டானில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் தூளும் கடும் அமிலத்தில் சிவக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிவப்பு மறைந்துவிடும், சாயத்தின் சிவப்பு நிற்கும். இந்தச் சோதனையை வீட்டில் வினிகரால் செய்ய முடியாது. அந்தச் சாயம் சிவக்க வினிகரின் புளிப்பு போதாது. கழிவறை கழுவும் ஆசிட்டை எடுக்கவே வேண்டாம். அதிலேயே நிறம் இருக்கும், புகையும் நெஞ்சைப் பிடிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது கம்பளி நூல் சோதனை. அமிலக் கரைசலில் கம்பளியின் புரதம் நேர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டமுள்ள செயற்கைச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். 10 கிராம் வெல்லம், 100 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், அதில் ஒரு சாண் வெள்ளைக் கம்பளி நூல். பத்து நிமிடம் கொதிக்க விட்டு, எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். வெல்லத்தின் சொந்தப் பழுப்பு பெரும்பாலும் அலசலில் போய் மங்கல் மட்டும் மிஞ்சும். பளிச்சென்ற மஞ்சள் போகாமல் நின்றால் செயற்கைச் சாயம். திருநெல்வேலிக் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கிடைக்கும், அது இந்த வேலைக்கு ஆகாது. நுனியைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் கம்பளி, உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் அக்ரிலிக். கம்பளி கிடைக்காவிட்டால் வெள்ளைப் பட்டு நூல் போதும், அதுவும் புரதம்தான்.

நூலில் மஞ்சள் ஏறியது, அது எந்தச் சாயம் என்பதை வீட்டில் சொல்ல வழியில்லை. மிட்டாயில் அனுமதிக்கப்பட்ட டார்ட்ராசின் அமிலத்தில் சிவக்காது, நூலில் மட்டும் பிடிக்கும். ஆனால் வெல்லத்தில் அதற்கும் அனுமதி கிடையாது. ஆய்வகத்தில் நூலிலிருந்து சாயத்தை நீர்த்த அம்மோனியாவில் கழற்றி, வடிதாளில் ஓடவிட்டு, தெரிந்த சாயங்களின் பொட்டுகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி மாதிரியைச் சோதிக்கச் சொல்லலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.